பிஎச்டி வேலையைத் தொடர வேண்டும், ஆனால் கைடின் திட்டம் போலத் தெரியக் கூடாது: ரிசர்ச் ஸ்டேட்மெண்ட் எப்படி எழுதுவது?

புதுசா_வந்தவள்: வேறொரு ஆய்வகத்தில் போஸ்ட்டாக் செய்ய ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காக வளரும் படலமான பயோஃபிலிமுக்குள் இருக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா டோப்ராமைசின் மருந்திலிருந்து எப்படித் தப்புகிறது என்பதுதான் என் ஆய்வேடு. கைடு அதற்குக் காரணமான ஜீன்களைத் தேடுபவர். நானும் ஜீன்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். ஸ்டேட்மெண்டைப் படித்த சீனியர், "உன் கைடின் அடுத்த கிராண்ட் மாதிரி இருக்கு" என்கிறார்.

வடக்குக்காற்று: தலைப்பையே மாற்றிவிடுங்கள். கைடு பெயர் எங்கேயும் வரக் கூடாது.

லேப்_அண்ணன்: பெயரை மறைத்து என்ன பயன்? உங்கள் பேப்பர்களிலெல்லாம் அவர் பெயர் இருக்கிறதே. தலைப்பை அடியோடு மாற்றினால், இதில் இவருக்கு என்ன அனுபவம் என்று கேட்பார்கள். கைடு கேட்காமல் நீங்களாகக் கவனித்தது ஏதாவது உண்டாம்மா?

புதுசா_வந்தவள்: எந்த ஜீனை நீக்கினாலும், அடியில் ஆக்சிஜன் எட்டாத இடத்துச் செல்கள் மட்டும் பிழைத்திருந்தன. கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

லேப்_அண்ணன்: அந்தப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். சுவாசம் குறைந்தால் டோப்ராமைசின் செல்லுக்குள் சரியாகப் போகாது என்பது தெரிந்த விஷயம், அதைப் புதிது என்று எழுதிவிடாதீர்கள். அடியில் இருப்பவை மருந்து உள்ளே போகாததால் தப்புகின்றனவா, மெதுவாக வளர்வதால் தப்புகின்றனவா? இதுதான் உங்கள் கேள்வி. நைட்ரேட் கொடுத்தால் ஆக்சிஜன் இல்லாமலும் அவை சுவாசிக்கும். ஆனால் அது வளர்ச்சியையும் கூட்டிவிடலாம், அதனால் அதை வைத்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே செல்லில் மருந்தின் அளவையும் வளர்ச்சி வேகத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். புது ஆய்வகத்துக்கு ஏன் போகிறீர்கள் என்பதற்கும் அந்த அளவீட்டில்தான் பதில் இருக்கிறது.

முதல் பத்தி இப்படி வரலாம்: "ஆய்வேட்டில் ஜீன்களை நீக்கி மருந்துத் தாக்குப்பிடிப்பை அளந்தேன். எதை நீக்கியபோதும் அடியடுக்குச் செல்கள் பிழைத்தன. ஜீன் பட்டியல் இதை விளக்கவில்லை." பழைய வேலை இந்த ஒரு பத்தியோடு போதும். அப்புறம் "எங்கள் குழு" என்று எங்கே வந்தாலும் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் செய்தது என்றால் "நான்" என்றே எழுதுங்கள்.

மழைநாள்: நான் பிஎச்டி செய்த லேபிலேயே போஸ்ட்டாக். எனக்கும் இது பொருந்துமா?

லேப்_அண்ணன்: கேள்வி உங்களுடையதாக இருந்தாலும் இடம் அதே என்றால் நம்பவைப்பது கடினம். வெளியே ஒரு கூட்டாளியாவது இருந்தால் கொஞ்சம் உதவும்.

தேன்மொழி_அக்கா: ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த ஜீன் நீக்கிய ஸ்ட்ரெயின்களை எடுத்துப்போக அனுமதி வேண்டும், பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும். கைடிடம் முதலில் பேசு. "இந்தக் கேள்வி இவருடையது, நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை" என்று பரிந்துரைக் கடிதத்தில் அவரே ஒரு வரி எழுதினால், நீ ஸ்டேட்மெண்டில் எழுதுவதை விட அதற்கு மதிப்பு அதிகம்.

புதுசா_வந்தவள்: இன்று பேசினேன் அக்கா. ஸ்ட்ரெயின் தருகிறாராம். ஆனால் ஆக்சிஜன் பக்கம் ஒரு புது மாணவரைப் போட யோசித்துக்கொண்டிருக்கிறாராம். செல் அளவில் அளப்பதை எனக்கு விட்டுத்தருவாரா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.