ஏர்கான் வாங்கும் முன் கரண்ட் பில் கணக்குப் போட்ட அனுபவம் உண்டா? எனக்குக் கணக்கு இடிக்கிறது

செங்காங்வாசி

நாலறை வீவக வீடு. இரண்டு படுக்கையறையிலும் ஏர்கான், வெளியே ஒரே கம்ப்ரசர் பெட்டி. இன்வர்ட்டர் இல்லாத பழைய செட். இன்னும் ஓடுகிறது, ஆனால் சத்தம் தாங்கவில்லை. போன வாரம் புதுசு பார்க்கக் கடைக்குப் போனேன். நாலு டிக் செட் ஒன்று, ஐந்து டிக் செட் ஒன்று, நடுவில் 800 வெள்ளி வித்தியாசம்.

விற்பனையாளர் என் பழைய செட் எத்தனை வாட் என்று கேட்டார். பெட்டியின் ஸ்டிக்கரைப் படம் பிடித்து வைத்திருந்தேன், இரண்டும் சேர்த்து 1,800. தட்டினார்: 1.8 கிலோவாட், எட்டு மணி நேரம், முப்பது நாள், 432 யூனிட். ஐந்து டிக்கில் நாற்பது சதவீதம் மிச்சம், அதாவது 173 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதம் 52 வெள்ளி. கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்து, "800 வெள்ளி ஒன்றரை வருஷத்துக்குள் திரும்பி வந்துவிடும் சார்" என்றார். அந்த 52 என்ற எண் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வீட்டுக்கு வந்து மற்ற சாமான்களையும் அதே மாதிரி எழுதினேன். ஃபிரிட்ஜ் லேபிள்படி 30 யூனிட். வாட்டர் ஹீட்டர் 3.3 கிலோவாட், நாலு பேர் குளிக்க ஒரு நாளைக்கு 40 நிமிடம், மாதம் 66. மூன்று ஃபேன் பத்து மணி நேரம் வீதம் 54. டிவி, விளக்கு, துணி மெஷின், ரைஸ் குக்கர், வைஃபை பெட்டி எல்லாம் சேர்த்து 64. மொத்தம் 214. ஏர்கானின் 432-ஐயும் கூட்டினால் 646 வருகிறது. ஆனால் பில்லில் மின்சாரம் மட்டும் 470 யூனிட்தான், தண்ணீரும் கேஸும் வேறு. மாதா மாதம் கிட்டத்தட்ட அதேதான். அந்த 176 யூனிட் எங்கே போனது? இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பொங்கோல்_ரவுண்ட்

நானும் போன வருஷம் போட்டேன். ஸ்டிக்கர் வாட்டை நம்பக்கூடாது, பிடியூவைத்தான் பார்க்க வேண்டும். 9,000 பிடியூ என்றால் 2.6 கிலோவாட். இரண்டு அறைக்கு 5.2. அதை எட்டு மணி நேரத்தால் பெருக்குங்கள், அதுதான் உண்மையான செலவு. இன்வர்ட்டர் மாற்றினால் அதில் பாதி. அப்புறம் ஃபிரிட்ஜுக்கு லேபிளை எடுத்தீர்களே, அது சரி. ஃபிரிட்ஜ் வாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கினால் தப்பாக வரும், ஏனென்றால் அது நாள் முழுக்க ஓடுவதில்லை, விட்டு விட்டுத்தான் ஓடும்.

பழைய_டெக்னீஷியன்

பொங்கோல் தம்பி, ஃபிரிட்ஜ் விஷயத்தில் நீங்கள் சொன்னதேதான் ஏர்கானுக்கும் பதில். ஆனால் பிடியூ கணக்கு தப்பு. 2.6 கிலோவாட் என்பது அறையிலிருந்து வெளியே தள்ளும் சூட்டின் அளவு. அதைத் தள்ள வாங்கும் கரண்ட் அதில் மூன்றில் ஒரு பங்கு, நல்ல செட்டில் நாலில் ஒரு பங்கு. நீங்கள் சொல்கிறபடி போட்டால் மாதம் 1,248 யூனிட் ஆகும். இவர் வீட்டு பில்லே 470.

செங்காங் தம்பி, உங்கள் கணக்கில் தப்பில்லை. கடையில் போட்ட கணக்கில்தான் இரண்டு இடறல்.

முதலாவது, 1,800 வாட் என்பது கம்ப்ரசர் ஓடும்போது இழுப்பது. இன்வர்ட்டர் இல்லாத செட் அறை குளிர்ந்ததும் கம்ப்ரசரை நிறுத்திவிடும், சூடு ஏறினால் திரும்ப ஓட்டும். எட்டு மணி நேரம் ஏர்கான் 'ஆன்' என்றாலும் கம்ப்ரசர் எட்டு மணி நேரமும் ஓடுவதில்லை. உங்களிடம் பில் இருக்கிறதே, திருப்பிப் போடுங்கள். 470-இல் 214 போனால் 256. அதுதான் ஏர்கான். 432-க்கு அது ஏறக்குறைய 59 சதவீதம். ராத்திரி ஜன்னல் ஓரம் நின்று வெளிப்பெட்டியைக் கேளுங்கள், ஓடுவதும் நிற்பதும் காதிலேயே தெரியும்.

அப்படியானால் நாற்பது சதவீத மிச்சம் என்பது 256-இல்தான். 102 யூனிட், மாதம் 31 வெள்ளி.

இரண்டாவதுதான் பெரிய இடறல். அந்த 31 வெள்ளி பழைய செட்டுக்கும் ஐந்து டிக் செட்டுக்கும் உள்ள வித்தியாசம். 800 வெள்ளியோ இரண்டு புது செட்டுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். ஒன்றை இன்னொன்றால் வகுக்கக்கூடாது. நாலு டிக் வாங்கினாலும் பழையதைவிடக் குறையத்தானே போகிறது? பழைய பெட்டி எப்படியும் போகப்போகிறது என்றால், இரண்டு புது செட்டின் லேபிளிலும் வருடாந்திர யூனிட் போட்டிருக்கும், அதைக் கழித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 300 யூனிட் வித்தியாசம் வந்தால் வருஷத்துக்கு 90 வெள்ளி. 800 வெள்ளி திரும்பி வர ஒன்பது வருஷம் ஆகும். வீவக வீடுகளுக்குக் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு 300 வெள்ளி கையில் மிச்சமிருந்து, ஐந்து டிக்குக்கு மட்டும் செல்லும் என்றால் மீதி 500-தான், ஐந்தரை வருஷம். வாங்கும் முன் கடையில் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரூம்_வாடகை_ஜூரோங்

அண்ணே, நான் ஒரு ரூமில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் பியூபி பில்லை ஆளுக்குச் சமமாகப் பிரிப்பார், என் ரூமில் ஏர்கான் ஓடுவதால் மாதம் 80 வெள்ளி கூடுதல் என்றார். ஒன்பது மணிக்கு மேல்தான் போட விடுவார். 9,000 பிடியூ, ஒரே ரூம். வெளிப்பெட்டியைப் பார்க்கவும் விடவில்லை.

ஒரு ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். காலை எழுந்ததும் மறுபடி. ஏர்கான் போட்ட ராத்திரி வீடு முழுவதும் 6 யூனிட் ஏறியிருந்தது. மறுநாள் ஃபேன் மட்டும் போட்டுத் தூங்கினேன், 2 யூனிட்தான். அப்படியென்றால் என் ரூம் ராத்திரிக்கு 4 யூனிட், மாதம் 120 யூனிட், 36 வெள்ளி. சரிதானே? 80 எப்படி வந்தது?

யீஷூன்_அக்கா

ரூம் தம்பி, சரிதான், ஆனால் ஒரே ராத்திரியை வைத்து வீட்டுக்காரரிடம் போகாதே. அந்த ராத்திரி மழை பெய்திருக்கலாம், வேறு யாராவது ராத்திரி துணி மெஷின் போட்டிருக்கலாம். இன்னும் சில ராத்திரி எடுத்து, ஒரு தாளில் தேதியோடு எழுதிக் காட்டு.

டெக்னீஷியன் அண்ணே, நீங்கள் 59 சதவீதம் என்று சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. அது அவர் வீட்டுக்கு, அவர் வைக்கும் டிகிரிக்கு. என் மகன் 18-இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்வான். எங்கள் பழைய செட் அவன் ரூமில் நிற்கவே நிற்காது. 18 டிகிரியை அந்த அறை எட்டினால்தானே கம்ப்ரசர் நிற்கும்? அந்த மாதிரி வீட்டில் கடைக்காரர் போட்ட கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்துவிடும்.

வடிகட்டி அடைத்திருந்தாலும் இதே கதை. எங்கள் வீட்டில் வடிகட்டியை எடுத்தபோது சாம்பல் நிறக் கம்பளி போல் தூசி படிந்திருந்தது, காற்று வெளியே வரும் வாயில் கையை வைத்தால் ஒரு மெல்லிய ஊதல்தான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது, அறையோ குளிரவில்லை. வடிகட்டியைக் கழுவி, சர்வீஸ் ஆளை வைத்து உள்ளே இருக்கும் காயிலையும் கெமிக்கல் வாஷ் செய்த பிறகு வெளிப்பெட்டி நின்று நின்று ஓட ஆரம்பித்தது. அதனால் செங்காங் தம்பி, புதுசு வாங்கும் முன் பழையதைச் சுத்தம் செய்து ஒரு மாத பில்லைப் பாருங்கள். அழுக்கான செட்டின் பில்லை வைத்துப் புது செட்டின் மிச்சத்தைக் கணக்குப் போட்டால் மிச்சம் ஊதிப் பெருகித்தான் தெரியும். டிகிரியை 25-இல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள், ஃபேன் அறுபது வாட்தான் இழுக்கும். மத்தியான வெயில் விழும் அறை என்றால் திரையை மூடி வையுங்கள், சுவர் ஏற்கெனவே சூடாகிவிட்டால் ராத்திரி முதல் ஒரு மணி நேரம் அந்தச் சூட்டை எடுக்கவே போய்விடும். வாட்டர் ஹீட்டரையும் விடாதீர்கள். 66 யூனிட் என்றால் மாதம் 20 வெள்ளி.

பழைய_டெக்னீஷியன்

அக்கா சொன்னது நியாயம்தான். 59 பொது விதி இல்லை, அவர் பில்லிலிருந்து வந்தது. அவரவர் பில்லில் கழித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் கழிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மற்ற சாமான்களில் விட்ட பிழை எல்லாம் ஏர்கான் தலையில் விழும். ஹீட்டரை 40 நிமிடத்துக்குப் பதில் 60 நிமிடம் ஓட்டினால் 33 யூனிட் மாறும், ஏர்கான் 256 இல்லை, 223. அதனால் ரூம் தம்பி செய்த மாதிரி ராத்திரி மீட்டரையும் பார்ப்பது நல்லது. ஃபிரிட்ஜை அளக்கப் பிளக்கில் செருகும் மீட்டர் போதும். ஏர்கான் நேராகச் சுவர் சுவிட்சில் இணைந்திருப்பதால் அதில் செருக இடமில்லை.

செங்காங்வாசி

எங்கள் வீட்டில் ஸ்மார்ட் மீட்டர். ஆப்பில் அரை மணிக்கொரு தடவை எத்தனை யூனிட் என்று வருகிறது, டார்ச் தேவையில்லை. ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை கூட்டினேன், ஏர்கான் இல்லாத ராத்திரிகளுக்கும் அப்படியே கூட்டிக் கழித்தேன். சராசரி 8.4 வருகிறது. 256-ஐ முப்பதால் வகுத்தால் 8.5. இரண்டும் இவ்வளவு ஒட்டி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னொன்றும் பட்டது: ஆப்பின் வரைபடத்தில் முதல் ஒரு மணி நேரத்தின் பட்டைகள் உயரமாக நிற்கின்றன, விடிகாலையில் பாதிதான்.

வடிகட்டியை இந்த வாரம் கழுவிவிட்டு மறுபடி பார்க்கிறேன் அக்கா. ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பாதி நாள் ஒரு அறையில்தான் போடுவோம். அப்போது லேபிள் எண் பொருந்துமா?

பழைய_டெக்னீஷியன்

லேபிளில் டிக் தீர்மானிக்கும்போது முழுப் பளுவில் அளந்த திறனுக்கு 40 சதவீதமும் பாதிப் பளுவில் அளந்ததற்கு 60 சதவீதமும் எடை கொடுக்கிறார்கள். இரண்டு அறை செட்டில் ஒரு அறை ஓடினால் அது பாதிப் பளுவுக்குப் பக்கம், ஓரளவு பொருந்தும். மூன்று அறை செட்டில் ஒரே அறை என்றால் மூன்றில் ஒன்று, அதை அந்த எண் காட்டாது. கம்ப்ரசர் ஒரு அளவுக்குக் கீழே மெதுவாகச் சுற்ற முடியாமல் இன்வர்ட்டரும் நின்று நின்று ஓடும்.

பொங்கோல்_ரவுண்ட்

அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணே. எங்கள் வீட்டில் மூன்று அறை செட், ராத்திரி ஒரே அறைதான் ஓடுகிறது, பில் குறைந்துதான் வருகிறது. அரை மணிக் கணக்கை நானும் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.