புதுப்பிப்பு: ஸ்டோகாஸ்டிக்கை நம்பி விற்று அடிவாங்கிய கதை

முன்பு நான் கேட்டது: "ரேஞ்சில் நன்றாக ஓடிய ஸ்டோகாஸ்டிக், திடீரென்று வரிசையாக ஸ்டாப்லாஸ் வாங்கித் தருவது ஏன்?"

சரி, பிடிபட்டது. 100-110 ரேஞ்சை விலை மேலே உடைத்த பிறகும், ஸ்டோகாஸ்டிக்கின் %K கோடு 80-இலிருந்து கீழே வெட்டும்போதெல்லாம் நான் விற்றுக்கொண்டே இருந்திருக்கிறேன். விலை 14 நாள் உச்சத்தை ஒட்டி முடிந்தாலே %K 80-ஐத் தாண்டிவிடும், விலை இறங்கப்போகிறது என்று அர்த்தமில்லை என்று அனுபவசாலி ஒருவர் புரியவைத்தார். இன்னொருவர் 80-ஐ 90 ஆக்கச் சொன்னார்; சிக்னல் குறையும், ஆனால் டிரெண்டில் அதுவும் தோற்கும்.

இப்போது டிரெண்டின் வலுவைக் காட்டும் ADX 25-ஐத் தாண்டினால் புது நுழைவு கிடையாது. மற்றபடி 20-க்குக் கீழே %K, அதன் சராசரிக் கோடான %D-ஐ மேல்நோக்கி வெட்டினால் 101 பக்கம் வாங்கி, %K 80-ஐத் தொட்டதும் வெளியேறுகிறேன்; விலை 99-க்குக் கீழே முடிந்தால் யோசிக்காமல் நஷ்டத்தோடு கிளம்பிவிடுவேன். விற்பதற்கு இதையே தலைகீழாக.

ADX தாமதமாகத்தான் ஏறும், அதனால் ரேஞ்ச் உடையும்போது முதல் அடி இன்னமும் விழுகிறது. அதற்கு மட்டும் வழி தெரியவில்லை.