சிதறிக் கிடந்த பாடக் குறிப்புகளிலிருந்து பணித்தொகுப்பு: அனுபவப் பகிர்வு

கணித ஆசிரியை:
மூன்று ஆண்டுகளாகப் பாடக் குறிப்பேட்டின் ஓரங்களிலும் கைப்பேசியிலும் எழுதி வைத்திருந்த 47 குறிப்புகளை, என் ஆசிரியப் பணியைக் காட்டும் தொகுப்புக்காக இந்த விடுமுறையில் ஒன்றுசேர்த்தேன். திட்டமிடல், பாடப்பொருள் அறிவு, வகுப்பறை மேலாண்மை, மதிப்பீடு, அனைவரையும் உள்ளடக்கிக் கற்பித்தல் என்று திறன்வாரியாகப் பிரித்தபோது 21 குறிப்புகள் மேலாண்மையின்கீழ் வந்தன. உள்ளடக்கிக் கற்பித்தலுக்கு ஒன்றுதான் தேறியது. பிறகு ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் "வேறொருவர் எதைப் பார்த்து இதை நம்புவார்?" என்று கேட்டு எழுதினேன். 14 குறிப்புகளுக்கு மட்டுமே சான்று கையில் இருந்தது.

அவற்றுள் ஒன்று என்னை உலுக்கியது. பின்னக் கூட்டல் நடத்திய அன்று, "மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்" என்று எழுதியிருக்கிறேன். அதே வகுப்பின் முடிவில் வாங்கிய 32 சீட்டுகளில், 2/5 + 1/3 என்ற கணக்கிற்கு 19 பேர் 3/8 என்று எழுதியிருந்தார்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறார்கள். காகிதப் பட்டைகளைக் கொண்டு மறுநாள் மீண்டும் நடத்தினேன். அடுத்த சீட்டில் தவறியவர்கள் 7 பேர். குறிப்பு, இரண்டு கட்டுச் சீட்டுகள், மறுநாள் பாடத்திட்டம் ஆகிய நான்கையும் மதிப்பீட்டின்கீழ் வைத்திருக்கிறேன். சரியா?

அறிவியல் ஆசிரியர்:
சான்று எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நல்லது என்பது என் கருத்து. பயிலரங்குச் சான்றிதழ்களையும் 60 வகுப்பறைப் புகைப்படங்களையும் நான் இணைத்தேன். பார்வையிட்டவர் புகைப்படங்களைப் புரட்டிவிட்டு, "இவற்றில் மாணவர்கள் என்ன கற்றார்கள்?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் சான்றிதழ்களை எடுத்துவிட மனம் வரவில்லை.

மாணவர் தொகுப்பேடு பற்றி அறிய வந்தவர்:
மாணவர்கள் தங்கள் சிறந்த படைப்புகளைச் சேர்க்கும் கோப்பைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்? அதில் ஒரு மாணவருக்கு எத்தனை பக்கங்கள் ஒதுக்குகிறீர்கள்?

ஆசிரியர் பயிற்றுநர்:
ஐயா, இங்கே பேசப்படுவது ஆசிரியர் தம் பணியைக் காட்டும் தொகுப்பு. மாணவர் கோப்பு வேறு.

அம்மா, நீங்கள் மதிப்பீட்டின்கீழ் வைத்தது சரியே. ஒரே நிகழ்வு மூன்று திறன்களுக்குப் பொருந்துவதுபோல் தோன்றும். அப்போது சான்றைப் பார்த்து உங்கள் எந்த முடிவு மாறியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டைப் படித்து மறுநாள் பாடத்தை மாற்றினீர்கள். ஆகவே அது மதிப்பீட்டைச் சேர்ந்தது. மற்ற திறன்களின் பக்கத்தில், இதைப் பார்க்கவும் என்று ஒரு வரி போதும். ஒரே தாளை மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்தால் தொகுப்பு பருக்கும், சான்று அதிகமாகாது. சீட்டுகளில் மாணவர் பெயர்களை மறைத்துவிடுங்கள்.

ஆனால் ஓர் ஐயம்: இரண்டாம் சீட்டில் கேட்ட கணக்கு எது?

கணித ஆசிரியை:
1/2 + 1/4.

ஆசிரியர் பயிற்றுநர்:
அப்படியானால் 19-ஐயும் 7-ஐயும் ஒப்பிட முடியாது. 4 என்பது 2-இன் மடங்கு; ஒரு பின்னத்தை மட்டும் மாற்றினால் போதும். 2/5 + 1/3 என்ற கணக்கில் இரண்டையும் மாற்ற வேண்டும். எளிய கணக்கால் வந்த குறைவை உங்கள் கற்பித்தலின் பயன் என்று எழுதினால், கவனமாகப் படிப்பவர் அந்தப் பக்கத்தை மட்டுமன்றி மற்றவற்றையும் ஐயப்படுவார்.

கணித ஆசிரியை:
உங்கள் கேள்விக்குப் பிறகு குறிப்புகளைத் தேடியபோது, அடுத்த வாரச் சீட்டுகளும் கிடைத்தன. கணக்கு 3/4 + 2/5. அதில் 11 பேர் தவறியிருக்கிறார்கள். அந்த 11 பேரில் பழையபடி 5/9 என்று எழுதியவர்கள் நால்வர் மட்டுமே. மற்ற ஏழு பேர் 5/20 என்று எழுதியிருக்கிறார்கள். பொதுப் பகுதி 20 என்று கண்டுபிடித்துவிட்டுத் தொகுதிகளை மாற்றாமல் அப்படியே கூட்டியிருக்கிறார்கள். தவறு மறையாமல் இடம் மாறியிருப்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை. இப்போது 1/2 + 1/4 சீட்டுகளை எடுத்துவிட்டு இவற்றை வைத்து, "என் பாடம் பொதுப் பகுதியைக் கற்பித்தது, சமபின்னத்தைக் கற்பிக்கவில்லை" என்று விளக்கம் எழுதியிருக்கிறேன். பழைய குறிப்பின் வாக்கியத்தைத் திருத்தாமல் தேதியோடு அப்படியே விட்டிருக்கிறேன்.

மொழி ஆசிரியை:
என் வகுப்புகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடப்பதால் தாள் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு கலந்துரையாடலின் நான்கு நிமிட ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிப் பார்த்தேன். முழுக்க என் குரலாகவே இருந்தது. அதைத் தொகுப்பில் வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அறிவியல் ஆசிரியர்:
பதவி உயர்வுக்குக் கொடுக்கும் தொகுப்பில் இப்படிப்பட்ட குறைகளை நான் வைக்கமாட்டேன். படிப்பவர் எல்லோரும் இந்தப் பயிற்றுநரைப்போல் பொறுமையாகப் படிப்பார்கள் என்று எதை வைத்து நம்புவது?

ஆசிரியர் பயிற்றுநர்:
அந்த அச்சம் நியாயமானதுதான், ஐயா. குறையோடு அதன்பின் செய்த மாற்றமும் அதே பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே நான் வைக்கச் சொல்வேன். அம்மாவின் பக்கத்தில், 5/20 என்று எழுதிய அந்த ஏழு பேருக்காக அடுத்து நடத்திய பாடம் இன்னும் வரவில்லை.