எல்டிஎல் 140, ஐந்து வாரத்தில் 160

வெள்ளவத்தை மகள்: அப்பாவுக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிற எல்டிஎல் 140. ஐந்து வாரம் கழித்து அதே லாப்பில் 160. சாப்பாடு மாறவில்லை. எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

கொட்டாஞ்சேனைக்காரன்: இரண்டாவது தடவை வெறுவயிற்றோடு போயிருக்க மாட்டார். ஒரு பால் தேத்தண்ணி போதும், எல்லாம் ஏறிவிடும்.

ஆய்வுகூடத்தான்: ஏறுவது ட்ரைகிளிசரைட்டு. எல்டிஎல்லைப் பல லாப்களில் நேரே அளப்பதில்லை, இப்படிக் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள்; TC மொத்தக் கொலஸ்ட்ரோல், HDL நல்ல கொலஸ்ட்ரோல், TG ட்ரைகிளிசரைட்டு:

```
LDL = TC - HDL - TG/5
```

சாப்பிட்டு TG கூடினால் கழிக்கும் தொகை கூடும், எல்டிஎல் குறைந்துதான் காட்டும். தங்கச்சி, மற்ற எண்களையும் போடுங்கள்.

வெள்ளவத்தை மகள்: முதலில் TC 212, HDL 44, TG 140. பிறகு 228, 42, 130.

தெஹிவளை அண்ணா: ஸ்டாட்டின் வேலை செய்யவில்லை. டோஸைக் கூட்டச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை மகள்: அண்ணா, மருந்தே தொடங்கவில்லை.

ஆய்வுகூடத்தான்: TG கூடவில்லை, ஆகவே தேத்தண்ணியில் பழி போட முடியாது. ஒரே ஆளின் எல்டிஎல் நாளுக்கு நாள் தானாகவே ஏறக்குறைய 8% அசையும். மெஷினின் அசைவு 3% என்று வையுங்கள். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 8.5. இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது அதை 2.77ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 24%. 140இல் அது 34. அதாவது 174 அளவுக்குப் போனால்தான் உண்மையில் கூடியது என்று துணிந்து சொல்லலாம். இங்கே கூடியது 20 மட்டும்.

கொட்டாஞ்சேனைக்காரன்: அப்படியென்றால் 160ஐக் கணக்கிலேயே எடுக்க வேண்டாமா? பிறகு சோதனை எதற்கு?

ஆய்வுகூடத்தான்: வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவில்லை என்பதற்கும் இது சாட்சியில்லை. இரண்டின் சராசரி 150, அதுதான் தனி ஒரு எண்ணை விட அவருடைய அளவுக்குக் கிட்ட நிற்கும். இரத்தம் எடுத்த விதமும் பாருங்கள். வரிசையில் நின்றுவிட்டு வந்தவுடன் எடுத்தால், நிற்கும்போது இரத்தத்தின் நீர் கால் பக்கம் கசிந்து கொலஸ்ட்ரோல் செறிந்து காட்டும். படுத்திருந்தவரிடம் எடுத்தால் 10% வரை குறையலாம். கையில் பட்டியை நெடுநேரம் இறுக்கி வைத்தாலும் செறியும். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகே கை நீட்டச் சொல்லுங்கள். இடையில் காய்ச்சல் ஏதும் வந்ததா?

வெள்ளவத்தை மகள்: முதல் சோதனைக்குப் பத்து நாள் முன்பு கடும் காய்ச்சல். டெங்குவோ என்று பயந்தோம்.

ஆய்வுகூடத்தான்: அதை முதலே சொல்லியிருக்க வேண்டும். காய்ச்சலில் எல்டிஎல் இறங்கும், மேலே வரச் சில வாரம் பிடிக்கும். நான் போட்ட 24% நலமாக இருக்கும் ஆளுக்கு. அந்த 140 பொய்யான இறக்கமாக இருக்கலாம்.

கொட்டாஞ்சேனைக்காரன்: அப்போ சராசரி எடுக்கச் சொன்னதே பிழை. 140ஐத் தூக்கி எறியுங்கள்.

ஆய்வுகூடத்தான்: ஒரேயடியாக எறிய மாட்டேன், பத்து நாளில் எவ்வளவு மீண்டிருக்கும் என்று இந்த எண்களால் சொல்ல முடியாது. மூன்றாவது ஒன்றை அதே லாப்பில், அதே நேரத்தில் எடுங்கள். காய்ச்சலின் தேதியை டொக்டரிடம் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்: மூன்றாவது வந்தாலும் நான் 140ஐச் சேர்க்க மாட்டேன்.