டேஞ்சர், வார்னிங், காஷன்: ராடு ஹீட்டர் கையேட்டுக்கு மூன்று சொற்கள் தேவை

மாலதி எழுதியது:

வணக்கம். வாளித் தண்ணீரைச் சூடாக்கும் ராடு ஹீட்டர் ஒன்றின் கையேட்டைத் தமிழில் திருத்தி எழுதும் வேலை வந்திருக்கிறது. 1500 வாட் ராடு. கையேடு என்பது நான்காக மடித்த ஒரே தாள், கறுப்பு மையில் மட்டும் அச்சு. ஆகவே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று நிறத்தை வைத்துத் தப்பிக்க வழியில்லை. சொல்தான் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்.

ஆங்கில மூலத்தில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் டேஞ்சர், வார்னிங், காஷன் என்று தடித்த எழுத்தில் ஒரு சொல் நிற்கிறது. அவை இஷ்டத்துக்குப் போட்டவை அல்ல. சொன்னபடி செய்யாவிட்டால் சாவோ பெருங்காயமோ நிச்சயம் என்றால் டேஞ்சர். அவை நேரக்கூடும் என்றால் வார்னிங். சிறு காயத்தோடு போகும் என்றால் காஷன். பொருள் மட்டும் கெடும் என்றால் இந்த மூன்றும் இல்லாமல் நோட்டீஸ்.

பழைய தமிழ்த் தாளில் எல்லா வரிக்கும் "எச்சரிக்கை" என்றே போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் வாளி உருகும் என்பதற்கும் எச்சரிக்கை, உயிர் போகும் என்பதற்கும் எச்சரிக்கை. அதிலிருந்து ஒரு வரி:

> எச்சரிக்கை: சுவிட்சை ஆஃப் செய்து உடனே ராடை வெளியே எடுக்க வேண்டாம்.

எனக்கு இரண்டு கேள்விகள். இந்த மூன்று படிகளுக்கும் என்ன சொல் போடுவது? இப்படி வரிக்கு முன்னால் வந்து அபாயத்தின் அளவைச் சொல்லும் சொல்லுக்குப் பொதுப்பெயர் என்ன?

ராஜேந்திரன் எழுதியது:

இது சுலபம். டேஞ்சர் ஆபத்து, வார்னிங் அபாயம், காஷன் எச்சரிக்கை. கனம் குறைந்துகொண்டே வருகிறது பாருங்கள். பொதுப்பெயருக்குக் குறிச்சொல் என்று வைக்கலாம்.

சுந்தரம் எழுதியது:

ராஜேந்திரன், ஒவ்வொரு படிக்கும் ஒரே சொல்தான் இருக்க வேண்டும் என்ற வரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆபத்து பெரியதா அபாயம் பெரியதா என்று தெருவில் பத்துப் பேரைக் கேளுங்கள், பாதிப் பேர் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவே மேல் கீழ் கிடையாது. நாமாக ஒரு படியைக் கட்டிவிட்டு அது வாசகருக்குத் தெரியும் என்று நம்ப முடியாது.

டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மண்டை ஓட்டுப் படத்தோடு தொங்கும் தகட்டில் என்ன இருக்கிறது? அபாயம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் அந்தத் தகட்டின் அர்த்தம் தெரியும். உச்சப் படிக்கு அதை விட்டுவிட்டு வேறு தேட வேண்டாம். இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவதைப் பிறகு பார்ப்போம். குறிச்சொல் வேண்டாம், அது வலைப்பதிவுகளில் பல காலமாக வேறு வேலைக்குப் போய்விட்டது.

எனக்குச் சொல்லைவிட அந்தப் பழைய வரிதான் உறுத்துகிறது. அதில் இரண்டு கோளாறு. முதலாவது "வேண்டாம்". எடுக்க வேண்டாம் என்றால் எடுக்காதே என்றும் படிக்கலாம், எடுக்கத் தேவையில்லை என்றும் படிக்கலாம். "அவசரம் இல்லை, வர வேண்டாம்" என்று தினமும் சொல்கிறோமே, அதே வேண்டாம்தான். உயிர் சம்பந்தப்பட்ட வரியில் அது கூடாது. இரண்டாவது கோளாறு இன்னும் மோசம். "ஆஃப் செய்து எடுக்க வேண்டாம்" என்னும்போது கடைசியில் வரும் மறுப்பு எது வரைக்கும் நீளுகிறது? ஆஃப் செய், ஆனால் எடுக்காதே என்பது எழுதியவர் மனதில் இருந்தது. ஆஃப் செய்துவிட்டு எடுக்கிற வேலையே கூடாது என்றும் அதைப் படிக்க முடியும். அப்படியானால் ஆன் செய்தபடியேவா எடுப்பது?

செய்து, செய்துவிட்டு என்று வினைகளைக் கோர்ப்பது நமக்கு வசதி, ஏனென்றால் எது முதலில் எது பின்னால் என்ற வரிசை தானாக வந்துவிடும். செய் என்று முடியும் வரியில் தாராளமாகக் கோர்க்கலாம். செய்யாதே என்று முடியும் வரியில் ஒரே ஒரு செயல்தான் இருக்க வேண்டும்.

தேன்மொழி எழுதியது:

விவாதம் நடுவே வருவதற்கு மன்னிக்கவும். எந்தச் சொல் போட்டாலும் அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்? நான் தங்கியிருந்த மகளிர் விடுதியில் ஐந்தாறு பேருக்கு ஒரு ராடு. தாள் டப்பாவோடு குப்பைக்குப் போய்விட்டது. அறையில் இருந்ததோ மொபைல் சார்ஜ் போடுகிற சின்ன பாயின்ட். ராடின் பிளக்கோ தடித்த பின். யாரோ ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்து மாட்டினார்கள். சில நாளில் கன்வெர்ட்டர் பழுப்பாகி, ஒரு காலையில் கருகிய வாடை. அந்த வாடையை எச்சரிக்கை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதோடு எல்லோருக்கும் ஒரு பழக்கம், சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது. ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே.

சுந்தரம் எழுதியது:

தேன்மொழி கேட்டது வேறு கேள்வி என்றாலும் கையேட்டில் விடுபட்ட ஒரு வரியைக் காட்டிவிட்டார். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. அரை ஆம்பியர்தானே என்று தோன்றும், ஆனால் தளர்ந்த கன்வெர்ட்டரில் அது அரை மணி நேரம் ஓடும்போது தொடுமுனை சூடாகிக் கருகத்தான் செய்யும். "16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் செருகவும். கன்வெர்ட்டர் பயன்படுத்தாதீர்கள்." இது எச்சரிக்கைப் படியில் வர வேண்டும். தாள் தொலையும் என்பதும் உண்மை. முக்கியமான ஒரு வரியை மட்டும் வயரில் கட்டும் அட்டையில் அச்சிடச் சொல்லுங்கள் மாலதி.

விரல் விடும் விஷயம். செம்புக் குழாய்க்குள் சுருள்கம்பி, சுற்றிலும் வெள்ளைப் பொடி. அந்தப் பொடிதான் கரண்டைக் குழாய்க்கு வர விடாமல் தடுக்கிறது. தண்ணீர் இல்லாமல் ராடை ஓடவிட்டால் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிப்பு விடும். அடுத்த முறை தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும், வாளித் தண்ணீரில் கரண்ட் வரும். எர்த் சரியாக இருந்தால் கசியும் கரண்ட் அந்த வழியே போகும், கரண்ட் கசிவைக் கண்டறியும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது உடனே துண்டிக்கும். இரண்டும் இல்லாத வீட்டில் விரல்தான் வழி.

சுவிட்சை ஆஃப் செய்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் மாறிப் போயிருந்தால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும், பேஸ் ராடு வரைக்கும் நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் பிளக்கைப் பிடுங்கச் சொல்வது.

சிவகுமாரன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சுவிட்ச், பிளக், சாக்கெட் என்று அப்படியே எழுதுவது கலைச்சொல் குழுவுக்கு அழகா? எங்கள் பள்ளிப் புத்தகங்களில் ஆளி என்றே படித்தோம். சுவிட்சுக்கு ஆளி, பிளக்குக்குச் செருகி என்று எழுதினால் என்ன குறை? காஷனுக்கு இங்கே அவதானம் என்று போடுவோம். எல்லோருக்கும் விளங்கும்.

மாலதி எழுதியது:

சிவகுமாரன் அண்ணா, ஆளி நல்ல சொல்தான். ஆனால் இந்தத் தாள் போவது கோவை, மதுரைப் பக்கம் பாத்திரக் கடைகளுக்கு. அங்கே ஆளி என்றால் கோயில் தூணில்தான் தேடுவார்கள். இப்போதைக்குக் கையில் பிடிக்கும் பொருளுக்கு அவர்கள் வாயில் இருக்கும் பெயரே இருக்கட்டும்.

இதுவரை பேசியதை வைத்து எழுதிப் பார்த்தேன்:

> அபாயம்: ராடு ஓடும்போது தண்ணீரைத் தொடாதீர்கள். கரண்ட் பாய்ந்து உயிர் போகும். சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொடவும்.
>
> எச்சரிக்கை: ராடைத் தண்ணீரில் வைத்த பிறகே பிளக்கைச் செருகவும். தண்ணீர் மட்டம் ராடில் உள்ள இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெறும் ராடை ஓடவிட்டால் குழாய் வெடித்துத் தண்ணீரில் கரண்ட் வரக்கூடும்.
>
> கவனம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ராடு சூடாகவே இருக்கும். உடனே வெளியே எடுக்காதீர்கள். கை சுடும்.

"உயிரிழக்கலாம்" என்று எங்கும் எழுதவில்லை. நீங்கள் உயிரிழக்கலாம் என்றால் அனுமதி கொடுத்த மாதிரி இருக்கிறது. கூடும் என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. கட்டளைக்குச் "செய்யவும்", தடைக்குச் "செய்யாதீர்கள்" என்று ஒரே வடிவமாக வைத்திருக்கிறேன். பேருந்தில் எழுதியிருக்கும் "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" போல நீட்டாதீர் என்றே சுருக்கலாமா என்று யோசித்தேன். வீட்டுப் பொருளுக்கு அது கொஞ்சம் விறைப்பு. வாளி உருகுவதற்குப் படி எதுவும் தராமல் "குறிப்பு" என்று போட்டுவிட்டேன். மேலே பகுதித் தலைப்பில் எச்சரிக்கை என்ற சொல்லே வராதபடி "பாதுகாப்பு அறிவுறுத்தல்கள்" என்று மாற்றியாயிற்று. இல்லாவிட்டால் எல்லாமே இரண்டாம் படி போலத் தெரியும்.

பொதுப்பெயருக்கு இடர்நிலைச் சொல் என்று வைக்கிறேன். எச்சரிக்கைச் சொல் என்றால் மூன்றில் ஒன்றின் பெயரே மொத்தத்துக்கும் ஆகிவிடும்.

சுந்தரம் எழுதியது:

இடர்நிலைச் சொல் சரி, எடுத்துக்கொள்ளலாம். வாசகங்களும் சரி. ஆனால் முதல் வரிக்கு அபாயம் போட்டது வரையறைப்படி தவறு. நல்ல ராடு, நல்ல எர்த் இருந்தால் தண்ணீரைத் தொட்டால் சாவு நிச்சயம் இல்லை, நேரக்கூடும் அவ்வளவுதான். அது இரண்டாம் படி. "உயிர் போகும்" என்பதும் போகக்கூடும் என்று மாற வேண்டும். உச்சச் சொல்லைத் தாராளமாகச் செலவழித்தால் அதற்கு மதிப்பு இருக்காது.

மாலதி எழுதியது:

வரையறை எனக்கும் தெரியும் சார். ஆனால் எர்த் இல்லாத வீட்டுக்கும் இதே தாள்தான் போகிறது. வாங்கியவர் ராடை வெறுமனே ஓடவிட்டாரா இல்லையா என்பது தாளுக்குத் தெரியாது. நான்கு பக்கத்தில் ஒரே ஒரு அபாயம்தான் போட்டிருக்கிறேன், அதை இங்கே போடாமல் எங்கே போட?

ராஜேந்திரன் எழுதியது:

ஆபத்தை விட்டுவிட்டேன், வாபஸ். ஆனால் கவனம் எனக்கு ஒட்டவில்லை. வார்த்தையைப் பார்த்தால் படிப்பில் கவனம் வை என்பது போலத்தான் இருக்கிறது, சுடும் என்று தோன்றவில்லை. ஒரே தாளை இலங்கைக்கும் அனுப்புவதாக இருந்தால் அவதானத்தையும் பார்க்க வேண்டும். சூடு பட்ட கைப்படம் ஒன்று பக்கத்தில் போட இடம் இருக்கிறதா?

மாலதி எழுதியது:

ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. கறுப்பு மையில் அந்தப் படம் தெளிவாக வருமா என்று அச்சகத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். முதல் வரி விஷயத்தைத் தயாரிப்பாளரின் சோதனைப் பொறியாளரிடம் இரண்டு வடிவமாகவும் அனுப்பியிருக்கிறேன்.