பழனிக்கு நடந்தவர்களிடம் ஒரு கேள்வி: வலி மறைந்தது அருளா, வேறா?

மலையோரத்தான்:
திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குத் தைப்பூசத்துக்காக 11 ஆண்டுகளாக நடந்து வருகிறேன். சுமார் 60 கிலோமீட்டர். மூன்று இரவுகளாகப் பிரித்து நடப்போம். பச்சை வேட்டி, துளசி மாலை, ஒருவேளைச் சாப்பாடு, வெறுங்கால். மேற்கே பார்த்து நடக்கையில் இடப்பக்கம் பழனி மலைத்தொடர் கூடவே வரும். எவ்வளவு நடந்தாலும் அது நகராதது போலவே இருக்கும்.

முதல் இரவு முழுக்க மனம் பேசிக்கொண்டே இருக்கும். நிலத்தகராறு, மகனுக்கு வேலை, யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல். இரண்டாம் இரவு அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. குதிகால் எரியும், தொடை உரசும், அடுத்த அன்னதானப் பந்தலின் விளக்கு மட்டும்தான் கண்ணில் இருக்கும். அதற்கப்பால் ஒன்று வரும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள்: வலி தானாக விலகும், கால் தன்பாட்டுக்கு நடக்கும், "முருகன் தூக்கிக்கொண்டான்" என்பார்கள். முதல் சில ஆண்டுகளில் எனக்கும் அது விடியற்காலையில் வந்திருக்கிறது. இன்றும் அதை நினைத்தால் கண் கலங்குகிறது.

மூன்று வருடங்களுக்கு முன் அது முதல் இரவிலேயே வந்தது. இடது காலில் ஒரு வேதனையும் இல்லை. இந்த வருடம் சீக்கிரமே தூக்கிக்கொண்டான் என்று அரோகரா போட்டுக்கொண்டு நடந்தேன். ஒட்டன்சத்திரத்துக்கு அருகே ஒரு பந்தலில் பக்தர்களுக்குக் கால் பிடித்துவிடும் பையன் என் பாதத்தை மடியில் எடுத்து வைத்தான். தேங்காய் எண்ணெயைத் தடவியவன், "சாமி, முள் ஏறியிருக்கிறதே, தெரியவில்லையா?" என்றான். சீமைக்கருவேல முள், பாதி உள்ளே. அவன் கைத்துண்டு சிவப்பாகிவிட்டது. எனக்கு அவன் விரல் பட்டதுகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, பல வருடச் சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போயிருக்கிறது என்றார். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து ஒரே கேள்வி. முன்பு வந்த அமைதிக்கும் இந்த மரப்புக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? நடந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டுத் தம்பி:
அண்ணா, நாங்கள் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடியோடு நடப்பவர்கள். பங்குனி வெயிலில் தார் கொதிக்கும், நாங்கள் ஓரத்து மண்ணில் இறங்கித்தான் நடப்போம். வெறுங்காலில் மண்ணைத் தொட்டு நடந்தால் நரம்பெல்லாம் தூண்டப்பட்டுச் சர்க்கரையே இறங்கிவிடும் என்பது என் அனுபவம். அப்பாவுக்கு நடைக்குப் பிறகு அளவு குறைந்தது. நீங்கள் முள்ளைப் பார்த்துப் பயந்து செருப்புப் போட்டுவிடாதீர்கள். வலியைத் தாங்குவதுதானே விரதம்.

பெருமாள்மலைக்காரர்:
நான் கொடைக்கானலிலிருந்து மலைப்பாதையில் பழனிக்கு இறங்குகிறவன். பூம்பாறை குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுப் புறப்படுவோம். வலி என்றால் எங்களுக்கு முட்டிதான் ஐயா. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டி போகும். பெருவிரல் நகம் கறுத்துவிடும். புறப்படுமுன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், கையில் ஒரு கம்பு வையுங்கள். வலி மறைய எண்ணெயைவிடச் சூடான ஒத்தடம் நல்லது.

வார்டு அக்கா:
மலையோரத்தான் அண்ணனுக்கு அந்த ஒத்தடம் வேண்டவே வேண்டாம். நான் 20 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். மரத்த காலைச் சுடுநீரில் வைத்து, வெந்தது தெரியாமல் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டுத் தம்பி சொன்னதில் பாதி சரி. நடந்தால் சர்க்கரை இறங்கும். நடப்பதால் இறங்குகிறது, வெறுங்காலால் அல்ல. அதுவே இன்னோர் ஆபத்து. மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இரவு முழுக்க நடந்தால் அளவு அதலபாதாளத்துக்குப் போகும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். கூட்டத்தில் பலர் அதைச் சாமி வந்ததென்று நினைத்துக் கும்பிட்டு நிற்பார்கள். அப்போது சுயநினைவோடு விழுங்க முடிந்தால் உட்காரவைத்து உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். விரதத்துக்கு மாலை போடுமுன் மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் கேட்ட வித்தியாசத்துக்கு என்னால் உடம்பளவில்தான் பதில் சொல்ல முடியும். நடையின் களைப்பில் வலி அடங்கினால், உட்கார்ந்து ஆறியதும் திரும்ப வரும். தொட்டால் தெரியும். மரப்பு அப்படியல்ல, ஓய்வெடுத்தாலும் தொடுவது தெரியாது. வீட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு, ஒருவரை ஒவ்வொரு விரலாக மெல்லத் தொடச் சொல்லிப் பாருங்கள். தொடுவது தெரியாமல் போனால் கால் பரிசோதனை செய்யாமல் நடக்கக் கூடாது. அதில் தேறினாலும் முழு நிம்மதி வேண்டாம், டாக்டர் பார்ப்பது இதைவிட நுட்பமானது.

காரைக்குடி ஆச்சி:
நாங்கள் நகரத்தார். 400 வருடங்களுக்கு மேலாகக் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறோம். தம்பி, வலியைத் தாங்குவதுதான் விரதம் என்கிறாய். இடும்பன் கதையை எண்ணிப் பார். சிவகிரியையும் சக்திகிரியையும் தோளில் சுமந்து வந்தவன் களைத்து இறக்கி வைத்தான். பிறகு தூக்கப் பார்த்தால் மலை அசையவில்லை. வலுவானவனுக்குத் தன் பலம் போதாதென்று தெரிந்த இடம்தான் பழனி. வலிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வதற்காக நடப்பதில்லை, நம்மால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்காக நடக்கிறோம். அதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு ஐந்தாறு வருடமாயிற்று.

இன்னொன்று. எல்லோரும் போகிற நடையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் காவடி திரும்பும்போதும் நடந்தே வரும். போகும்போது மனத்தில் வேண்டுதல் இருக்கும், கால் அதை நோக்கி ஓடும். வரும்போது வேண்டுதல் அங்கே விட்டாயிற்று, கேட்க ஒன்றுமில்லை. அதே பாதையில் வெறும் நடை மட்டும் இருக்கும். அமைதி என்று நீங்கள் சொல்வது எனக்கு அப்போதுதான் வந்திருக்கிறது, கால் நன்றாக வலித்துக்கொண்டிருக்கும்போதே.

ஈரோட்டுத் தம்பி:
ஆச்சி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காவடி தோளில் இருக்கும்போது செருப்பு என்பது எங்கள் ஊரில் நினைக்க முடியாதது. அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.

வார்டு அக்கா:
அப்பாவின் பாதத்தை முதலில் நீயே தொட்டுப் பார், தம்பி.

மலையோரத்தான்:
ஆச்சி, நீங்கள் சொன்ன பிறகு பழைய வருடங்களை நினைத்துப் பார்த்தேன். அந்த விடியற்காலைகளில் எண்ணெய் தடவுபவரின் கை சுகமாகத் தெரிந்தது, சரளைக்கல் குத்தியது தெரிந்தது. தெரிந்தும் அது தொந்தரவாக இல்லை. முள் ஏறிய வருடம் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்றுதான் இப்போது படுகிறது. அந்த ஒட்டன்சத்திரத்துப் பையனை அனுப்பியது யார் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, அதை யாரும் மாற்ற முடியாது.

போன வருடம் டாக்டர் சொன்ன அகலமான ஷூவும் பருத்திக் காலுறையும் போட்டு அடிவாரம்வரை நடந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தோம். அடிவாரத்தில் கழற்றிவிட்டு 693 படியையும் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இடும்பன் சந்நிதி வந்ததும் அவன் என்னைப் படியோரம் உட்காரவைத்து, போன் வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்தில் ஏறியவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். "ஒன்றும் இல்லை தாத்தா, வாங்க" என்றான்.