கலைச்சொல் வேண்டும்: வினைமுற்றை முன்னுக்குக் கொண்டுவரும் வேலைக்கு

அஸ்தம்பட்டி:
ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய மனுவை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு வாக்கியம்:

"மழையில் சரிந்த பாறையை அப்புறப்படுத்தாததால், காபிக்கொட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரியைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள்."

நான் எப்போதும் கடைசிச் சொல்லிலிருந்துதான் தொடங்குவேன். திருப்பிவிட்டார்கள். எதை? லாரியை. எந்த லாரி? கொட்டை ஏற்றிக்கொண்டு இறங்கியது. ஏன்? பாறை கிடந்ததால். இப்படிப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தால் முன்னால் வரவேண்டியது எது என்று தெரிந்துவிடும். 'இறங்கிய' என்ற பெயரெச்சம் தமிழில் லாரிக்கு முன்னால் நிற்கிறது; ஆங்கிலத்தில் 'தட்' போட்டு லாரிக்குப் பின்னால் போகிறது. திருப்பிவிட்டது யார் என்று மனுவில் இல்லை. போலீஸ் என்று நானாக எழுதக்கூடாது, அதனால் லாரியை எழுவாயாக்கிச் செயப்பாட்டுவினையில் எழுதினேன். பாறையை அப்புறப்படுத்தாதது யார் என்பதும் அப்படியே.

இந்த வேலை முழுவதற்கும் ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு 'வரிசைமாற்றம்' என்று எழுதுகிறேன்.

சூரமங்கலம்:
வேண்டாம். அந்தச் சொல் பள்ளிக் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. n! வரும் பாடம். அப்புறம், வாக்கியம் நீளமாக இருப்பதுதானே பிரச்சினை? நாலாக உடைத்துவிட்டால் பெயரே தேவையில்லை.

ஆத்தூர்:
உடைத்து நான் பட்டது போதும். ஒரு நிலத் தகராறில் இப்படித்தான், "வாய்க்கால் அடைபட்டது. தண்ணீர் தேங்கியது. பயிர் அழுகியது" என்று அழகாக உடைத்துக் கொடுத்தேன். மூலத்தில் 'அடைபட்டதால்' என்று இருந்தது. எதனால் அழுகியது என்பதே ஆங்கிலத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நஷ்டஈடு முழுக்க அந்த 'ஆல்' மேல்தான் நின்றது.

ஓமலூர்:
'ஆல்' கவனிக்க வேண்டியதுதான். ஆனால் 'ஏற்றிக்கொண்டு', 'போய்', 'வந்து' மாதிரி எச்சங்களுக்குப் பயப்பட வேண்டாம். அவற்றின் எழுவாயும் முற்றின் எழுவாயும் ஒன்றுதான். 'அண்ட்' போட்டுக் கோத்துவிடலாம்.

ஏற்காடு:
தம்பி சொல்வது முக்கால்வாசி சரி. "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெய்தது மழை, நிறைந்தது குளம். 'பெய்ய' என்று வரவேண்டிய இடத்தில் 'பெய்து' வந்திருக்கிறது. அங்கே வெறும் 'அண்ட்' போட்டால் இரண்டும் தனித்தனிச் செய்தி ஆகிவிடும். மழையால்தான் குளம் நிறைந்தது என்பது நழுவிவிடும். ஒவ்வொரு எச்சத்துக்கும் எழுவாய் எது என்று கேட்டுவிட்டுத்தான் கோக்க வேண்டும்.

வம்பு வேறோர் இடத்திலும் இருக்கிறது. அந்த மனுவிலேயே "விலை இறங்கியதால் கொட்டையை விற்கவில்லை" என்று இருந்தால்? தமிழில் ஐயமே இல்லை: விற்கவில்லை, காரணம் விலை. முற்றை முன்னால் வைத்து, 'பிகாஸ்' பகுதியைக் கடைசியில் தள்ளுங்கள். "விற்றோம், ஆனால் விலை இறங்கியதற்காக அல்ல" என்றும் ஓர் ஆங்கில வாசகர் படிக்கலாம். எதிர்மறை முன்னால் போனதும் அது காரணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. இங்கே காரணத்தைத் தமிழில் இருந்தபடியே முதலில் வைத்துக் காற்புள்ளி போடுவதுதான் பத்திரம். ஆகவே எல்லாவற்றையும் திருப்பிப்போடுவதல்ல இந்த வேலை. 'வினை முன்னிடல்' என்று யாராவது சொல்ல வருமுன்பே அதையும் மறுத்துவிடுகிறேன்.

பெயருக்கு வருகிறேன். நன்னூல் 8 பொருள்கோள் சொல்கிறது. அதில் 'மொழிமாற்று' பொருந்தும்தான், ஆனால் இன்று அதைச் சொன்னால் டப்பிங் படம்தான் நினைவுக்கு வரும். 'கொண்டுகூட்டு' இருக்கிறது: செய்யுளில் அங்கங்கே கிடக்கும் சொற்களைப் பொருள் பொருந்தும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டுவது. எதை எதோடு சேர்ப்பது என்பதுதான் இங்கேயும் கேள்வி.

சூரமங்கலம்:
ஐயா, அது பழைய செய்யுளுக்குப் பொருள் காண்பது, ஒரே மொழிக்குள் நடப்பது. இங்கே இன்னொரு மொழியின் வரிசைக்கு அடுக்குகிறோம். பழைய சொல்லை இழுத்துவந்து புது வேலையைக் கொடுத்தால் இலக்கண வகுப்பில் குழப்பம் வராதா?

ஏற்காடு:
வரலாம். ஆனால் கவனியுங்கள், அஸ்தம்பட்டி அம்மா பின்னாலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார்களே, அந்தப் பாதி தமிழுக்குள்தான் நடந்தது. ஆங்கில வரிசை அதற்கு அப்புறம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர் தேடுவதுதான் சிக்கலோ என்னவோ.

அஸ்தம்பட்டி:
அப்படியென்றால் முதல் பாதிக்குக் 'கொண்டுகூட்டு' என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது பாதிக்குத் 'தொடரடுக்கு' எப்படி? மனுவில் காரணத்தை முதலில் வைத்துத் திருத்திவிட்டேன்.

ஓமலூர்:
'அடுக்குத்தொடர்' ஏற்கெனவே இருக்கிறதே அக்கா. "பாம்பு பாம்பு" என்று எழுதச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.